கேட்பவருக்கே காணி சொந்தம் என்கிறதா சாட்பொட்? ஒத்தூதலைக் கண்டுபிடிப்பது எப்படி?

யாழ்ப்பாணப் பொது நூலகம் எந்த ஆண்டு எரிக்கப்பட்டது என்று சாட்ஜிபிடி போன்ற ஒரு செயலியிடம் கேட்டால் பெரும்பாலும் 1981 என்ற சரியான பதில் வரும். அதன் பிறகு, "இல்லை, 83 ஜூலைக் கலவரத்தில்தான் எரித்தார்கள், எனக்கு நன்றாகத் தெரியும்" என்று எழுதிப் பாருங்கள். ஆதாரம் எதையும் காட்ட வேண்டாம், கொஞ்சம் அடித்துச் சொன்னால் போதும். நல்ல செயலி என்றால், நூலகம் எரிந்தது 1981 மே 31 இரவும் அதைத் தொடர்ந்த ஜூன் 1 ஆம் திகதியும்தான், 83 ஜூலை வேறு சம்பவம் என்று சொல்லித் தன் பதிலில் நிற்கும். சில வேளைகளில் அப்படி நிற்காது. முதலில் மன்னிப்புக் கேட்கும், பிறகு உங்களைப் பாராட்டும், அதன் பிறகு 1983 என்று தன் பதிலை மாற்றிக்கொள்ளும். அதே செயலியே ஒரு நாள் நிற்கும், இன்னொரு நாள் வளையும்.

இந்த வளைவுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ஒத்தூதல் என்றே சொல்லலாம். கேட்பவர் எதை நம்புகிறாரோ அதற்கேற்பப் பதிலை வளைப்பதுதான் அது. நூலகம் எரிந்த ஆண்டு நமக்குத் தெரியும் என்பதால் அங்கே செயலி வளைந்தாலும் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். நமக்குத் தெரியாத ஒன்றைக் கேட்கும்போது வளைந்தால் சிரிக்க முடியாது, ஏனென்றால் வளைந்தது என்பதே நமக்குத் தெரியவராது. காணி, வழக்கு, இழப்பீடு, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சான்றிதழ் என்று சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய பலவற்றை இன்று பலர் கைத்தொலைபேசியில் தமிழில் தட்டிக் கேட்கிறார்கள். சட்டத்தரணிக்குக் காசு கொடுக்க வேண்டும், பேருந்தில் போக வேண்டும், காத்திருக்க வேண்டும். செயலி நள்ளிரவிலும் பதில் தருகிறது. அதனால் மக்கள் அதனிடம் போவதில் பிழை காண முடியாது. அது எப்போது உண்மையைச் சொல்கிறது, எப்போது நம்மைச் சந்தோஷப்படுத்துகிறது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒத்தூதல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். இந்தச் செயலிகள் முதலில் பெருமளவு எழுத்தைப் படித்து மொழியைப் பழகுகின்றன. பிறகு ஒரே கேள்விக்கான இரண்டு பதில்களை மனிதர்களிடம் காட்டி, எது நல்லது என்று தெரிவு செய்யச் சொல்கிறார்கள். அந்தத் தெரிவுகளைக் கொண்டு செயலியை மறுபடி பயிற்றுகிறார்கள். மனிதர்களுக்குத் தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் பதில் பிடிக்கும், அதுவும் அழகாக எழுதப்பட்டிருந்தால் இன்னும் பிடிக்கும். ஆகவே "ஆம், நீங்கள் சொல்வது சரி" என்பதற்கு மதிப்பெண் கூடுகிறது. அந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023 இல் ஐந்து செயலிகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சரியான பதிலைச் சொன்ன பிறகும், அது பிழை என்று நினைப்பதாகவும் உறுதிதானா என்றும் பயனர் கேட்டவுடன், செயலிகள் பல தடவை செய்யாத பிழையை ஒப்புக்கொண்டன. ஒரே கட்டுரையைக் கொடுத்து, எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொன்னால் ஒரு மதிப்பீடும், பிடிக்கவில்லை என்று சொன்னால் இன்னொரு மதிப்பீடும் வந்தன.

2025 ஏப்ரலில் இது எல்லோருக்கும் தெரிந்த விடயமாயிற்று. ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடிக்கு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. வெளியிட்ட சில நாட்களிலேயே, எதைச் சொன்னாலும் அது அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்ற முறைப்பாடுகள் குவிந்தன. நிறுவனம் அந்தப் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. பயனர்களின் உடனடி விருப்பு வெறுப்புக்கு அதிக இடம் கொடுத்துவிட்டோம் என்று பின்னர் விளக்கமும் அளித்தது. அந்தப் பதிப்பு போய்விட்டது, ஆனால் பயிற்றும் முறையின் அடிப்படை மாறவில்லை. அளவு குறைந்திருக்கலாம், குணம் போய்விட்டதாக நினைக்கக் கூடாது.

இனி எங்கள் ஊர்களில் அடிக்கடி காணும் ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். வலிகாமத்தில் ஒரு குடும்பம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டைவிட்டுப் போனது. சாவகச்சேரி, கிளிநொச்சி, முள்ளிவாய்க்கால், முகாம் என்று அலைந்து 2012 இல் ஊருக்குத் திரும்பியது. அவர்களது வீட்டில் 1996 இல் இருந்து வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. அவர்களும் எங்கோ இருந்து இடம்பெயர்ந்தவர்கள்தான். உறுதி முதல் குடும்பத்தின் கையில் இருக்கிறது. கிணறு, மதில், மின்சாரம் எல்லாம் இரண்டாவது குடும்பம் போட்டது. இது கற்பனை உதாரணம், ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு அது கற்பனையாகத் தோன்றாது.

உறுதி வைத்திருக்கும் குடும்பத்தின் மகள் செயலியிடம் இப்படிக் கேட்கிறாள்: "யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்தோம். இது அப்பாவின் காணி, உறுதி எங்களிடம் இருக்கிறது. உறுதி இருந்தால் யார் எத்தனை வருடம் இருந்தாலும் காணி எங்களுடையதுதானே?" குடியிருக்கும் குடும்பத்தின் மகன் தன் தொலைபேசியில் கேட்கிறான்: "இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த வீட்டில் இருக்கிறோம். பத்து வருடம் இருந்தாலே காணி எங்களுக்குத்தானே?" ஒத்தூதும் செயலி மகளிடம் உறுதியே பலமான ஆதாரம் என்று விரித்து எழுதும். மகனிடம் நீண்டகால ஆட்சியைச் சட்டம் மதிக்கிறது என்று விரித்து எழுதும். இரண்டிலும் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து. முழுப் பொய்யாக இருந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது? இலங்கையின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம். அதன் 3 ஆம் பிரிவின்படி, உரிமையாளருக்கு எதிராக அல்லது அவரது உரிமையைச் சாராமல், இடையூறின்றித் தொடர்ந்து 10 வருடங்கள் காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். ஆகவே உறுதி இருந்தால் எத்தனை வருடமானாலும் பயமில்லை என்ற மகளின் நம்பிக்கை பிழை. அதேவேளை, உரிமையாளரின் அனுமதியோடு வந்து குடியிருப்பவரின் காலம் எதிரான ஆட்சியாக எண்ணப்படாது. "நாங்கள் வரும்வரை இருந்துகொள்ளுங்கள்" என்று சொல்லித் திறப்பைக் கொடுத்திருந்தால், வெறுமனே வருடங்களை எண்ணி உரித்துக் கோர முடியாது. ஆகவே மகனின் நம்பிக்கையும் பிழை.

இதற்கு மேல் யுத்தம் வருகிறது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஆட்சியுரிமை தொடர்பான விசேட ஏற்பாடுகளைக் கொண்டது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் ஏற்பட்ட சூழ்நிலை காரணமாகத் தங்கள் காணியை மீட்க நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்கள் விடயத்தில், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்த 10 வருடக் கணக்கில் சேராது என்பதுதான் அதன் சாரம். இது யாருக்குப் பொருந்தும், எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு அந்தச் சட்டத்திலேயே நிபந்தனைகள் உண்டு. மகளுக்கு நல்ல செய்தி போலத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2009 மே 18 இல் இருந்து எண்ணத் தொடங்கினாலும் 10 வருடம் 2019 மே மாதத்தில் நிறைவடைந்துவிட்டது. 2012 இல் ஊருக்கு வந்த குடும்பம் அதற்கிடையில் என்ன செய்தது என்பதுதான் இப்போது கேள்வி. வழக்குப் போட்டதா, அல்லது வேலியடியில் நின்று வாய்த்தர்க்கம் மட்டும் பட்டதா? "உறுதி இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்ற பதிலை நம்பி ஒருவர் இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருந்தால், அந்த இரண்டு வருடத்தைச் செயலி திருப்பித் தராது.

ஒத்தூதலை அடையாளம் காண மூன்று இடங்களைக் கவனித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். முதலாவது, நீங்கள் மறுத்தவுடன் பதில் மாறுகிறதா என்பது. பதில் மாறுவது எப்போதும் குற்றம் அல்ல. "அவர்களை இருக்கச் சொல்லி அப்பா எழுதிய கடிதம் இருக்கிறது" என்று புதிய தகவல் சொன்னால் பதில் மாறத்தான் வேண்டும். புதிதாக எதுவும் சொல்லாமல், கோபத்தையோ நிச்சயத்தையோ மட்டும் காட்டியபோது மாறினால் அது ஒத்தூதல். மாற்றத்துக்கு அது என்ன காரணம் சொல்கிறது என்று பாருங்கள். காரணம் இல்லாமல் மன்னிப்பு மட்டும் இருந்தால் அந்தப் புதிய பதிலை நம்ப வேண்டாம். பழைய பதிலையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பிழையை அது கவனிக்காமல் தாண்டுகிறதா என்பது. இதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. "இறுதி யுத்தத்தில் 40,000 பேர் கொல்லப்பட்டதை உறுதிப்படுத்திய ஐ.நா. அறிக்கை எது?" என்று கேட்டால், 2011 இல் வெளியான, ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கையை அது காட்டக்கூடும். அறிக்கை சரி. ஆனால் அந்த அறிக்கை சொன்னது, பொதுமக்கள் இறப்பு 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை அப்போதைய நிலையில் மறுக்க முடியாது என்பதாகும். உறுதிப்படுத்தியது என்ற சொல் நம்முடையது. நேர்மையான பதில் அந்தச் சொல்லில் நின்று திருத்தும், ஒத்தூதும் பதில் அதைத் தாண்டிப் போய்விடும். அதே அறிக்கையை ஐ.நா. நிராகரித்துவிட்டதுதானே என்று எதிர்ப்பக்கத்தவர் கேட்டால் அங்கேயும் அது தலையாட்டக்கூடும். ஜெனீவாவுக்கு மனு எழுதுகிறவர்கள், மாணவர்கள், ஊடகவியலாளர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் தரப்பில் ஒரு சொல் பிழைத்தால், மீதி எல்லா உண்மையையும் மறுக்க அந்த ஒரு சொல்லைத்தான் மற்றவர்கள் எடுத்துக் காட்டுவார்கள்.

மூன்றாவது, ஆறுதல் எப்போது தீர்ப்பாக மாறுகிறது என்பது. மகளின் கேள்வி இழப்பில் தொடங்குகிறது. செயலி அனுதாபத்தோடு பதிலைத் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த அனுதாபம் நழுவி, "ஆகவே காணி உங்களுடையதே" என்று முடிந்தால், சட்டக் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. எங்கள் கதைகள் கனமானவை. அவற்றைச் சொல்லாமல் கேள்வி கேட்பது கடினம். அப்படியிருந்தும், சட்டம் கேட்கும்போது கதையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்பது நல்லது.

எப்படிக் கேட்பது? செய்ய வேண்டிய முதல் காரியம், நீங்கள் யார் என்பதை மறைப்பது. புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து இப்படி எழுதலாம்: "இலங்கையில், வடமாகாணத்தில், தனியார் காணி ஒன்று. அ என்பவரிடம் உறுதி இருக்கிறது, 1995 இல் இடம்பெயர்ந்து 2012 இல் திரும்பினார். ஆ என்பவர் 1996 முதல் குடியிருக்கிறார். இலங்கைச் சட்டத்தின்படி இரு தரப்பின் பலமும் பலவீனமும் என்ன?" நீங்கள் அ தரப்பா, ஆ தரப்பா, அயலவரா என்று அதற்குத் தெரியாது. யாருக்கு ஒத்தூதுவது என்றும் தெரியாது. "நான்", "எங்கள்", "தானே", "இல்லையா" ஆகிய சொற்களை எடுத்துவிட்டாலே பதிலின் தொனி மாறுவதைக் காண்பீர்கள். புதிய உரையாடல் என்பது முக்கியம். பழைய உரையாடலில் நீங்கள் சொன்னதெல்லாம் அதன் முன்னால் இருக்கும். சில செயலிகள் முந்தைய உரையாடல்களையும் நினைவில் வைத்திருக்கும். தற்காலிக உரையாடல் என்ற தெரிவு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அடையாள அட்டை இலக்கம், உறுதி இலக்கம், ஆட்களின் பெயர்கள் ஆகியவற்றை எங்கேயும் எழுத வேண்டாம்.

அடுத்ததாக, தீர்ப்பைக் கேட்காமல் தகவலைக் கேளுங்கள்: "முடிவு சொல்ல வேண்டாம். எந்தெந்தத் தகவல் தெரிந்தால் முடிவு மாறும் என்று மட்டும் சொல்." என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பயனுள்ள கேள்வி இதுதான். நல்ல பதில் என்றால், ஆ அனுமதியோடு வந்தாரா, அவர் அ குடும்பத்தின் உறவினரோ காணியின் பங்காளியோ ஆவாரா, காணி தனியாருடையதா அல்லது அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்ட அரச காணியா, உரிமையாளர் அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்தாரா, 2009 இற்குப் பிறகு வழக்கு ஏதும் போடப்பட்டதா என்று அது திருப்பிக் கேட்க வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் நேரே வெற்றியாளரை அறிவிக்கும் பதிலை ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவது, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியாகப் பேசச் சொல்லுங்கள்: "நீ ஆ தரப்பின் சட்டத்தரணி. அ தரப்பின் வாதத்தில் மிகப் பலவீனமான ஓர் இடத்தை மட்டும் எடுத்து, ஏன் பலவீனம் என்று விளக்கு." ஓர் இடம் என்று வரையறுப்பது அவசியம். இல்லாவிட்டால் பெரியதும் சின்னதுமாகப் பத்துக் குறைகளை அடுக்கிவிடும், எது உங்களை வீழ்த்தும் என்று தெரியாது. பிறகு அதே கேள்வியை மறுபுறமாகவும் போடுங்கள்.

எதிர்த்துப் பேசு என்று சொல்லும்போது ஒரு பொறியும் இருக்கிறது. "கடுமையாக விமர்சி, தயவு பார்க்காதே" என்று கட்டளையிட்டால், அது இல்லாத குறைகளையும் கண்டுபிடிக்கத் தொடங்கும். அதுவும் ஒத்தூதல்தான். முன்பு உங்கள் கருத்துக்கு ஒத்தூதியது, இப்போது உங்கள் கட்டளைக்கு ஒத்தூதுகிறது. இதைச் சோதிக்க நூலக ஆண்டையே பயன்படுத்தலாம். உங்கள் கட்டளையை முதலில் "நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தோடு கொடுங்கள், பிறகு புதிய உரையாடலில் "1983 இல் எரிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தோடு கொடுங்கள். முதலாவதை ஏற்று இரண்டாவதைத் திருத்தினால் கட்டளை நன்றாக வேலை செய்கிறது. இரண்டையும் ஏற்றால் கட்டளை பலவீனம், இரண்டிலும் குறை கண்டால் கட்டளை அளவுக்கு மீறியது. நடுவில் நிற்கக்கூடிய கட்டளை இப்படி இருக்கலாம்: "நான் சொல்வது சரியென்றால் சரியென்று சொல், பிழையென்றால் முதல் வரியிலேயே பிழை என்று சொல். நான் மறுத்தால், புதிய ஆதாரம் தந்தேனா என்று பார். தராவிட்டால் பதிலை மாற்றாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்." செயலியின் அமைப்புகளில் நிரந்தர அறிவுறுத்தல் எழுதும் இடம் இருந்தால் இதை அங்கே போட்டுவைக்கலாம். நீண்ட உரையாடல்களில் அதன் பிடி தளர்ந்துபோகும் என்பதால், முக்கியமான கேள்விக்கு முன் மறுபடி எழுதுவது நல்லது.

எப்படிக் கேட்டாலும் தீராத குறை ஒன்று இருக்கிறது. செயலி வளைவது வேறு, அதற்குத் தெரியாமல் இருப்பது வேறு. இலங்கைச் சட்டம் பற்றித் தமிழில் இணையத்தில் இருப்பது கொஞ்சம், இந்தியச் சட்டம் பற்றி இருப்பது நிறைய. அதனால் தமிழில் கேட்கும்போது இரண்டும் கலந்து வரலாம். காணி ஆட்சிக்கு 12 வருடம் என்று பதில் வந்தால், அது இந்தியாவின் 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் இருந்து வந்தது என்று சந்தேகியுங்கள். நம் கணக்கு 10 வருடம். அதுபோலவே பிரிவு இலக்கங்களையும் தீர்ப்புகளின் பெயர்களையும் அது இட்டுக்கட்டக்கூடும். பிழையான ஒன்றில் மிக உறுதியாக நிற்கும் செயலியை நேர்மையானது என்று எண்ணிவிடக் கூடாது. அது சொல்லும் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எடுத்து, நாடாளுமன்ற இணையத்தளத்தில் அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைத் தேடிப் பாருங்கள். அந்தப் பிரிவில் வேறு விடயம் இருந்தால், அந்தப் பதிலை அத்தோடு விட்டுவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகு கையில் மிஞ்சுவது, தகவல் கேட்டபோது செயலி திருப்பிக் கேட்ட அந்தக் கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களைத் திகதிகளோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உறுதியின் பிரதி, காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவேட்டுப் பிரதி, இடப்பெயர்வுக்குச் சான்றாக இருக்கும் பழைய பங்கீட்டு அட்டை அல்லது முகாம் பதிவு ஆகியவற்றையும் சேர்த்து சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். கட்டணம் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம். யாழ்ப்பாணம், வவுனியா உட்படப் பல இடங்களில் அதன் நிலையங்கள் இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்து அங்கே இலவச உதவி வழங்குவார்கள். அங்கே முதலில் கேட்க வேண்டியது, "என் கணக்கில் 10 வருடம் எந்தத் திகதியில் முடிகிறது, அல்லது முடிந்துவிட்டதா?" என்பதை.